கதிர் கை தூக்கினான்

விடை தெரிந்தாலும் கதிர் வகுப்பில் கை தூக்க மாட்டான். கை மேலே போனால் நாற்பது தலைகள் திரும்பிப் பார்க்குமே! அதை நினைத்தாலே அவனுக்குக் காது சூடாகிவிடும்.

ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் அம்மா அவனைக் கோவளத்தில் இருக்கும் தாத்தா வீட்டுக்கு அனுப்பினாள். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கிறதே, அந்தக் கோவளம். தாத்தாவுக்கு எழுபது வயது. இப்போது கடலுக்குப் போவதில்லை, படகு நிழலில் உட்கார்ந்து வலை பின்னுவார். மாமா மகள் மலருக்குப் பதினோரு வயது. அவள் அலைச்சறுக்குக் கற்றுக்கொள்கிறாள்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தான் கதிர். தூரத்தில் ஓர் அலை எழும்பி வந்தது. மலர் நீளமான பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளினாள். அலை பலகையைத் தூக்கிய நொடியில் சட்டென்று எழுந்து நின்றாள். அவ்வளவுதான், கடலே அவளைச் சுமந்துகொண்டு கரைக்கு ஓடி வந்தது!

கதிருக்கு வயிற்றுக்குள் என்னவோ குதித்தது. நானும் அப்படி நிற்கணும்.

"நீயும் வாயேன். கிணத்துல நல்லா நீந்துவியாமே, அத்தை சொன்னாங்க," என்றாள் மலர்.

கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். கதிர் தலையை ஆட்டினான். வேண்டாம்.

தண்ணீரைக் கண்டு அவனுக்குப் பயமில்லை. போளூரில் அவர்கள் வயல் கிணற்றில் மோட்டார் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிக்கிறவன்தான். ஆனால் அங்கே தவளைகளைத் தவிர யார் பார்க்கிறார்கள்? இங்கே விழுந்தால் இத்தனை பேர் பார்ப்பார்களே.

நான்கு நாள் தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. கடலைக் காட்டிக் காட்டிப் பேசினார்.

"அலை தனித்தனியா வராதுய்யா. நாலஞ்சு சேர்ந்து கூட்டமா வரும். அப்புறம் கொஞ்ச நேரம் ஓஞ்சு கெடக்கும். எண்ணிப் பாரு." கதிர் எண்ணினான். உண்மைதான்!

"அங்க பாரு. ரெண்டு பக்கமும் நுரை, நடுவுல மட்டும் கருப்பா, அமைதியா ஒரு சந்து தெரியுதா? கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அது வழியாத்தான் திரும்பிப் போவுது. கடலுக்குள்ள ஓடுற ஆறு மாதிரி. அதுல மாட்டுனா கரையைப் பாத்து நீந்தக் கூடாது. கை ஓஞ்சுடும். அது கீழே இழுக்காது, வெளியதான் தள்ளும். மெதக்கணும், கையைத் தூக்கிக் கூப்பிடணும். தெம்பு இருந்தா பக்கவாட்டுல போவணும்."

ஐந்தாம் நாள் கதிர் மெதுவாக மலரிடம் சொன்னான். "நானும் வரேன்."

சொல்லிக்கொடுக்கும் தேவா அண்ணன் அவனுக்கு எட்டடி நீளத்தில் மெத்தென்ற பலகை ஒன்றைக் கொடுத்தார். அதன் வாலிலிருந்து வந்த கயிற்றைக் கணுக்காலில் கட்டிவிட்டார். முதலில் மணலில் பயிற்சி. குப்புறப் படு, நெஞ்சுக்குப் பக்கத்தில் கை ஊன்று, ஒரே துள்ளலில் எழு, முழங்காலை மடக்கு. "காலைப் பாக்காதே, கரையைப் பாரு. எங்க பாக்குறியோ அங்கதான் பலகை போவும். இடுப்பளவு தண்ணியைத் தாண்டாதே," என்றார்.

தண்ணீருக்குள் இறங்கிய முதல் அலையிலேயே கதிர் தொப்பென்று விழுந்தான். மூக்கெல்லாம் உப்பு. எழுந்து பார்த்தால் சின்னப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பையனுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும், அது கதிருக்குத் தெரியாது. காது சூடானது. யாரும் பார்க்காத இடமாகப் போய்விட வேண்டும்!

கொஞ்சம் தள்ளி ஓர் இடம் அமைதியாக இருந்தது. அலையே இல்லை, ஆளும் இல்லை. பலகையில் படுத்துத் துடுப்புப் போடுவது போலக் கையைத் தள்ளி அங்கே போனான். அப்பாடா.

சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தான். கரையில் இருக்கும் மாதா கோயில் சின்னதாகத் தெரிந்தது. இன்னொரு முறை பார்த்தான். இன்னும் சின்னது! அவன் கையே அசைக்கவில்லை. ஆனாலும் போய்க்கொண்டிருந்தான்.

கருப்பா, அமைதியா ஒரு சந்து.

கதிருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பலகையைக் கரைப் பக்கம் திருப்பி வேகவேகமாகத் தள்ளினான். பத்து முறை. இருபது முறை. தோள் வலித்தது. மாதா கோயில் பெரிதாகவே இல்லை.

கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. தாத்தா சொன்னாரே! கதிர் கையை நிறுத்தினான். பலகையை இறுக்கிப் பிடித்து மூச்சு வாங்கினான். பலகை மிதந்தது. அவனும் மிதந்தான். தாத்தா சொன்னபடியே தண்ணீர் அவனைக் கீழே இழுக்கவில்லை.

இனிக் கை தூக்க வேண்டும்.

தூக்கினால் எல்லோரும் பார்ப்பார்கள். மலர், தேவா அண்ணன், சிரித்த பையன், வலைக்காரர்கள், எல்லோரும். கதிரின் கை பலகையை விட்டு வர மறுத்தது. விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுத்தான். காது வரைக்கும் கொண்டுபோனான். அப்புறம் வானத்தைத் தொடுவது போல நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"தேவா அண்ணா!" கீச்சென்று வந்தது குரல். அலைச் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தான்.

"தேவா அண்ணாஆஆ! இங்க!"

கரையில் தலைகள் திரும்பின. அத்தனை தலைகளும்! அதில் ஒரு தலை ஏற்கெனவே பலகையோடு தண்ணீரில் பாய்ந்திருந்தது.

தேவா அண்ணன் வந்து சேர்ந்ததும் முதலில் அவன் முகத்தைத்தான் பார்த்தார். "கையைத் தூக்குனியே, அதான் ஒடனே கண்ணுல பட்ட. நல்ல வேலை செஞ்ச. சரி, இப்போ அந்த நுரை தெரியுதுல்ல? கரையை மறந்துட்டு அதைப் பாத்துத் தள்ளு."

இருவரும் பக்கவாட்டில் போனார்கள். கொஞ்ச தூரத்திலேயே இழுப்பு விட்டது. பின்னால் ஓர் அலை உறுமியது. "கெட்டியாப் புடி. இது நம்மைக் கரையில கொண்டு போய் விடும்." அலை பலகையைத் தூக்கியது, தள்ளியது, பறந்தது! படுத்தபடியே கதிர் மணல் வரை வந்து சேர்ந்தான்.

மலர் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. சிரித்த பையன் சிரிக்கவில்லை. "எனக்கும் ஒருவாட்டி அப்படி ஆச்சு. நான் அழுதேன்," என்றான் மெதுவாக.

அன்று ராத்திரி கதிருக்குத் தூக்கத்திலும் உடம்பு அலையில் ஆடியது.

மறுநாள் காலை ஐந்தரைக்கே எழுந்து அவன்தான் மலரை எழுப்பினான். தேவா அண்ணன் அவனைத் தன் கைக்கெட்டும் தூரத்தில், எல்லோருக்கும் நடுவில் நிறுத்தினார். விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். கண் எரிந்தது. அலைகள் ஓய்ந்தபோது மற்றவர்களைப் போலவே அவனும் காத்திருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று அலைகளை எண்ணினான். நான்காவது அவனைப் பார்த்து நேராக வந்தது.

"இது என்னுது!" என்று கத்தினான். மலர் விலகி வழிவிட்டாள்.

கை ஊன்றினான். துள்ளினான். கரையைப் பார்த்தான். படகு நிழலில் தாத்தா வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்பது தெரிந்தது. அட, தாத்தாவைப் பார்க்கிறேன் என்றால் நான் நிற்கிறேன்! அடுத்த நொடி கால் வழுக்கித் தண்ணீருக்குள் போனான்.

"எத்தனை தடவைய்யா விழுந்த?" என்று கேட்டார் தாத்தா, துண்டால் அவன் தலையைத் துவட்டியபடி.

"பதினாலு தடவை தாத்தா! பதினஞ்சாவது தடவை நின்னுட்டுதான் விழுந்தேன்!"

அந்தக் குரல் மூன்று படகு தள்ளி வலை உதறிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கதிர் அவர்களைப் பார்த்துக் கை ஆட்டினான்.