புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: நம் நடத்தை விதிகளில் எது கட்டாயம், எது ஆலோசனை

வணக்கம். இந்த வாரம் நம் திருப்பூர் யூனிட்டில் தையல், செக்கிங், ஸ்டோர்ஸ், மெர்ச்சண்டைசிங் பிரிவுகளில் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் இந்தக் குறிப்பு. உங்கள் கையில் கொடுத்திருக்கும் விதிப் புத்தகம் 34 பக்கம். அதை முழுதாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் வேலையைப் பழகிக்கொண்டிருக்கும் முதல் வாரத்தில் அத்தனையும் மனதில் நிற்காது.

புத்தகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாமே "வேண்டும்", "கூடாது" என்று ஒரே குரலில் பேசும். தீ வழியை அடைக்கக் கூடாது என்பதும், மெஷின் பக்கத்தில் டீ கிளாஸ் வைக்கக் கூடாது என்பதும் அடுத்தடுத்த வரிகள். மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே ஓவர்லாக்கில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு டெய்லருக்கு ஊசி உடைந்தது. யாரிடமும் சொல்லாமல் பக்கத்து மெஷினில் ஒரு ஊசி வாங்கிப் போட்டுக்கொண்டார். முனை, ஒரு கைக்குழந்தை பனியனின் தையலுக்குள் இருந்தது. மெட்டல் டிடெக்டர் கத்திய பிறகு, கட்டி வைத்த பெட்டிகளைப் பிரித்து விடிய விடியத் தேடினோம். "ஐடி கார்டு மறந்ததுக்கே அவ்வளவு திட்டு வாங்கினேன், ஊசி உடைஞ்சதுக்கு வேலையே போயிடும்னு பயந்துட்டேன்" என்று அழுதார். தவறு எங்களுடையது. எது குழந்தையின் உடம்பில் குத்தும், எது வெறும் ஒழுங்கு என்று நாங்கள் அவருக்குப் பிரித்துச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

கட்டாய விதிகள்

இவற்றில் யாருக்கும் விலக்கு இல்லை. சூப்பர்வைசர் சொன்னாலும், மேனேஜர் சொன்னாலும், ஷிப்மென்ட் அன்று இரவே கிளம்ப வேண்டியிருந்தாலும் இல்லை. "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்று யாராவது கேட்டால், கேட்டவர்தான் விதியை மீறுகிறார்.

ஊசி உடைந்தால் உடனே மெஷினை நிறுத்தி, கையைத் தூக்கி, லைன் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த பண்டில் முழுவதும் தனியே போகும், காந்தத்தாலும் டிடெக்டராலும் சோதிக்கப்படும். ஊசி உடைந்ததற்காக யாருக்கும் சம்பளம் பிடிப்பதில்லை, திட்டும் கிடையாது. மறைத்தால்தான் நடவடிக்கை.

தீ வழி, படிக்கட்டு, வெளிக்கதவு ஆகியவற்றின் முன்னால் பண்டிலோ பெட்டியோ தள்ளுவண்டியோ வைக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட. வேலை நேரத்தில் எந்த வெளிக்கதவும் பூட்டியிருக்கக் கூடாது. பூட்டியிருப்பதைப் பார்த்தால் மெஷினை விட்டு எழுந்து வந்து சொல்லுங்கள், அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு. கட்டடத்தில் விரிசல், கருகல் வாடை, கேஸ் நாற்றம் என்றால் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் வெளியேறுங்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. அடுத்த நாள் காலையில் தையல்காரர்களை உள்ளே அனுப்பினார்கள். அவர்களும் நம்மைப் போல ஏற்றுமதி ஆர்டர் தைத்தவர்கள்தான்.

பாலியல் துன்புறுத்தல் எந்த வடிவில் வந்தாலும் விசாரணை உண்டு: தொடுவது, இரட்டை அர்த்தப் பேச்சு, ராத்திரியில் வாட்ஸ்அப் செய்தி, "ஓவர்டைம் போட்டுத் தரேன், ஆனா" என்கிற பேரம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் யூனிட்டில் உள் புகார்க் குழு இருக்கிறது. தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்; தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எழுத வராதவர்களுக்குக் குழுவே உதவும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். புகார் கொடுத்தவர் யார் என்பதை வெளியே சொல்பவர் மீதும் நடவடிக்கை உண்டு.

அடி, கெட்ட வார்த்தை, சாதி சொல்லித் திட்டுவது, ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களை ஊரையும் மொழியையும் சொல்லிக் கேலி செய்வது: இதற்கு "சும்மா விளையாட்டுக்கு" என்ற பதிலை நாங்கள் ஏற்பதில்லை.

வருகைப் பதிவில் உங்கள் கையை நீங்கள்தான் வைக்க வேண்டும். செய்யாத ஓவர்டைமுக்கும் கையெழுத்துப் போடாதீர்கள், செய்த ஓவர்டைமையும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்கு இரு மடங்குக் கூலி, முடியாது என்று சொல்லும் உரிமையும் உண்டு. ஆடிட்டர் வந்து கேட்டால் நடப்பதை நடப்பதுபோலச் சொல்லுங்கள். யாராவது பதிலை மனப்பாடம் செய்யச் சொன்னால் எங்களிடம் வாருங்கள். 18 வயது நிரம்பாத தம்பி, தங்கையை லீவுக்கு "கூட உட்காரட்டும்" என்றுகூட உள்ளே அழைத்து வரக் கூடாது.

மெர்ச்சண்டைசிங், ஸ்டோர்ஸ் ஆட்களுக்குக் கூடுதலாக இரண்டு. பையரின் சாம்பிள், பிரிண்ட், விலை எதையும் படம் எடுத்து வெளியே அனுப்பக் கூடாது. ஸ்டேட்டஸில் வைப்பதும் வெளியே அனுப்புவதுதான். நூல், பட்டன், லேபிள் சப்ளையர்களிடம் பணம், கிஃப்ட் கார்டு, ஹோட்டல் செலவு எதுவும் வாங்கக் கூடாது.

ஆலோசனைகள்

இனி சொல்பவை வேறு வகை. இவற்றில் தவறினால் மெமோ வராது, சம்பளம் குறையாது. யாராவது இவற்றைக் காட்டி மிரட்டினால் அது தவறு.

காலையில் பத்து நிமிடம் முன்னால் வந்துவிட்டால் நாள் நிதானமாகத் தொடங்கும். ஆபீசில் எளிமையாக உடுத்துங்கள். ஜீன்ஸுக்குத் தடை இல்லை. (தையல் தளத்தில் முடியைக் கட்டுவதும் துப்பட்டாவைப் பின் செய்வதும் மட்டும் கட்டாயம். மெஷின் இழுத்துக்கொள்ளும்.) அவசரம் இல்லாத செய்தியை ராத்திரி ஒன்பதுக்கு மேல் குரூப்பில் போடாதீர்கள், வந்தாலும் காலையில் பதில் சொன்னால் போதும். வயதில் மூத்த டெய்லர்களை அண்ணா, அக்கா என்று கூப்பிடுவது இங்கே வழக்கம். புரியாததை இரண்டாவது முறையும் கேளுங்கள்; தப்பாகத் தைத்த நூறு பீஸைப் பிரிப்பதைவிட அது சுலபம். வடக்கே இருந்து வந்தவர்களோடு ஒரே மேஜையில் சாப்பிட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் நாலு வார்த்தை பழகும்.

நடுவில் ஒன்று எல்லோரையும் தடுமாற வைக்கும்: தீபாவளி ஸ்வீட் பாக்ஸ். சப்ளையர் வாசலில் வந்து நிற்கும்போது முகத்தில் அடித்தாற்போல மறுக்க வேண்டாம், வாங்கலாம். ஆனால் வீட்டுக்குப் போகக் கூடாது. கேன்டீனில் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ஸ்டோர்ஸ் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். எழுதுவது கட்டாயம்.

இது எந்த வகை என்று சந்தேகம் வந்தால், கட்டாயம் என்று வைத்துக்கொண்டு எங்களைக் கேளுங்கள். சூப்பர்வைசரிடம் சொல்ல முடியாததை நேராக எச்.ஆர். அறைக்கு வந்து சொல்லலாம். பெயர் போடாமல் எழுத, கழிவறைக்குப் போகும் வழியில் கேமரா இல்லாத இடத்தில் புகார்ப் பெட்டி இருக்கிறது. சாவி குழுத் தலைவரிடம் மட்டும்.

இந்தி, ஒடியா பிரதிகள் டைம் ஆபீசில் கிடைக்கும். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, வேலை நேரத்துக்குள்ளேயே, பயிற்சி அறையில் எல்லோரும் உட்கார்ந்து கட்டாய விதிகளை ஒரு முறை வாய்விட்டுப் படிப்போம். கேள்விகளோடு வாருங்கள். கையெழுத்து அதற்கு அப்புறம்.

எச்.ஆர். பிரிவு