குரூப் 4: எட்டு வார ரிவிஷன் திட்டம் (காட்பாடி மாலைக் குழுவுக்கு)

நேரம்: வேலை நாளில் இரண்டரை மணி, ஞாயிறு நான்கு மணி. ராணிப்பேட்டை ஷூ கம்பெனி ஷிப்டில் இருப்பவர்கள் காலையில் ஒரு மணியும் இரவில் ஒன்றரை மணியுமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

வரிசை போட்ட விதம்: பாடத்திட்டத்தில் அலகுக்கு எத்தனை கேள்வி என்றிருக்கிறதோ, அதை நம் குழு பழைய வினாத்தாளில் பத்துக்கு எத்தனை தப்பு விட்டது என்பதோடு பெருக்கினோம். பொருளாதாரமும் வளர்ச்சி நிர்வாகமும் 20×6=120. இலக்கணம் 25×4=100. கணக்கும் ரீசனிங்கும் 25×4=100. தமிழக வரலாறு 20×4=80. அரசியலமைப்பு 15×5=75. அறிவியல் 5×7=35தான்; ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை அத்தனை அறிவியல் புத்தகத்தையும் ஐந்து கேள்விக்காகப் புரட்டுவது நமக்குக் கட்டாது.

தினமும்: கணக்கு அரை மணி, பத்துக் கேள்வி. இதை ஒரே வாரத்தில் அடைத்தால் கை வேகம் வராது. அதன்பின் இலக்கணம் அரை மணி. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

வாரம் 1, 2: பொருளாதாரம். அதிகம் குழம்புவது இங்கேதான். நிதி ஆணையம் அரசியலமைப்பின் 280வது பிரிவில் வருவது; நிதி ஆயோக் 2015இல் அமைச்சரவைத் தீர்மானத்தால் வந்தது. ஜி.எஸ்.டி. மன்றம் 279ஏ. மூன்றையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாம் வாரம் முழுக்க நலத்திட்டங்கள்: திட்டம், பயனாளி, தொடங்கிய ஆண்டு.

வாரம் 3, 4: தமிழக வரலாறு, கூடவே இலக்கியமும் தமிழறிஞர்களும். வேலூர்ப் புரட்சியை நம்ம ஊர்க் கதைதானே என்று தாண்டாதீர்கள். 1806 ஜூலை 10 எல்லோருக்கும் தெரியும், மாட்டுவது பெயர்களில். தலைமைத் தளபதி கிரடாக், ஆற்காட்டிலிருந்து படையோடு வந்தவர் கில்லெஸ்பி. பென்டிங் அப்போது சென்னை ஆளுநர், தலைமை ஆளுநர் ஆனது பிறகுதான்.

வாரம் 5: அரசியலமைப்பு. பிரிவு எண்ணைப் பாராமல் எழுதிப் பார்த்துத் திருத்துங்கள். சொல்லகராதி, கலைச்சொல் தினம் இருபது.

வாரம் 6: இந்திய வரலாறு நான்கு நாள். அறிவியலுக்கும் புவியியலுக்கும் தலா ஒரு நாள். பாட இறுதி வினாக்கள் மட்டும்.

வாரம் 7: ஒருநாள் விட்டு ஒருநாள் 200 கேள்வி, மூன்று மணி நேரம். ஷிப்ட் இல்லாதவர்கள் காலை 9.30க்கே உட்காருங்கள். நடு நாளில் தப்பானதைப் பிரியுங்கள்: தெரியாதது, குழம்பியது, அவசரத்தில் விட்டது. குழம்பியதை மட்டும் தனி நோட்டில் ஏற்றுங்கள்.

வாரம் 8: அந்த நோட்டும் தினக் கணக்கும் மட்டும். புதுப் புத்தகம், புது பி.டி.எப். எதையும் குழுவில் போடாதீர்கள்.