ஆர்டர் டெஸ்க் கோஆர்டினேட்டர் வேணும் – ஸ்ரீராம்புரம், பெங்களூரு

நாங்க ஹோட்டல், பேக்கரி, கேட்டரிங்காரங்களுக்கு பார்சல் டப்பா, பேப்பர் கப், சில்வர் கவர், பாக்குமட்டை தட்டு, டிஷ்யூ எல்லாம் ஹோல்சேல்ல சப்ளை பண்றோம். ஆபீஸ் ஸ்ரீராம்புரத்துல, குடோன் பீன்யால. ஆர்டர் டெஸ்குக்கு ஒரே ஒரு ஆள் எடுக்கறோம். ஆர்டர் உள்ள வர்றதுல இருந்து அந்த பில்லுக்கு காசு வந்து சேர்ற வரைக்கும் உங்க பொறுப்பு. நடுவுல கம்ப்ளைன்ட் வந்தா அதுவும் உங்களோடது தான். மூணுக்கும் தனித்தனி ஆள் வச்சா ஒருத்தர் இன்னொருத்தர கைகாட்டிட்டு போயிடுவாங்க, அதனால தான் ஒரே சீட்டா வச்சிருக்கோம்.

முதல்ல ஆர்டர் என்ட்ரி. முக்கால்வாசி ஆர்டர் வாட்ஸ்அப்ல தான் வரும், அதுவும் பாதி வாய்ஸ் நோட்டு, பின்னாடி மிக்சி ஓடிட்டு இருக்கும். "போன தடவ அனுப்புன மாதிரியே அனுப்பிடுங்க"ன்னு சொல்லுவாங்க, பழைய பில்ல எடுத்து பாத்து, ஐட்டம், சைஸ், எத்தனை பாக்ஸ், ரேட் எல்லாம் திருப்பி டைப் பண்ணி அனுப்பி அவங்க ஓகே சொன்னப்புறம் தான் டாலில ஏத்தணும். 500 எம்எல் டப்பாவுக்கு ரெண்டு கம்பெனி மூடி வச்சிருக்கோம், ஒண்ணு இன்னொண்ணுல உக்காராது, மாத்தி போட்டா ஸ்விக்கி பையன் பையில சாம்பார் கொட்டி நமக்கு தான் போன் வரும். பில்லுல தப்பு வந்தா இ-இன்வாய்ஸ 24 மணி நேரத்துக்குள்ள தான் கேன்சல் பண்ண முடியும், அதுக்கு மேல கிரெடிட் நோட்டு தான், அதனால அன்னன்னைக்கு பில்ல அன்னன்னைக்கே செக் பண்ணிடுங்க. ஓசூர் பிராஞ்சுக்கு சரக்கு கேக்கற கஸ்டமர்ஸ் இருக்காங்க, அவங்க 33ல ஆரம்பிக்கற ஜிஎஸ்டி நம்பர் வாங்கி ஐஜிஎஸ்டில பில் போடணும், பழக்கத்துல 29 நம்பர போட்டு அனுப்பிடக் கூடாது. பில் 50,000 ரூபா தாண்டுனா ஈ-வே பில் இல்லாம வண்டி கிளம்பக் கூடாது, டிரைவர் அவசரப்படுத்தினாலும் சரி.

அடுத்தது பேமென்ட் ஃபாலோ-அப், நிஜமா சொன்னா இந்த வேலையோட கஷ்டமே இதுல தான். ரெகுலர் கஸ்டமருக்கு 15 நாள் கிரெடிட், பெரிய கேட்டரிங்காரங்களுக்கு 30 நாள், புது ஆளுக்கு அட்வான்ஸ் மட்டும். டியூ தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே பில் காப்பியோட ஒரு மெசேஜ் போயிடணும், தேதி தாண்டுனா போன். ஹோட்டல்காரங்கள மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கூப்பிடாதீங்க, மூணரை மணிக்கு மேல கூப்பிட்டா கல்லால ஓனரே இருப்பாரு, நிதானமா பேசுவாரு. "நாளே கொடுத்தீனி"ன்னு சொன்னா எத்தனை மணிக்கு, யார் கையில, யூபிஐயா செக்கான்னு கேட்டு ஷீட்ல எழுதி வைங்க. காசு போட்டாச்சுன்னு ஸ்கிரீன்ஷாட் வந்தா அத நம்பி வரவு வைக்காதீங்க, பேங்க் ஸ்டேட்மென்ட்ல யூடிஆர் நம்பர் ஒத்துப் போகணும். செக் ரிட்டர்ன் ஆனா அன்னைக்கே முதலாளிகிட்ட சொல்லிடணும், பேங்க்ல இருந்து தகவல் வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் போகணும், விட்டா அந்த செக்க வச்சு கேஸ் போடறது சிக்கலாயிடும். எவ்ளோ பாக்கி இருந்தாலும் சத்தம் போட்டு பேசறது, கடை வாசல்ல நாலு பேர் முன்னாடி கேக்கறது இதெல்லாம் நம்மகிட்ட கிடையாது. 45 நாள் தாண்டுனா சப்ளைய நிறுத்துற அதிகாரம் உங்களுக்கு இருக்கு, சேல்ஸ் பசங்க வந்து கெஞ்சுனாலும் முதலாளி சொல்லாம திறக்க வேணாம்.

கம்ப்ளைன்ட் பெரும்பாலும் எண்ணிக்கை குறைவு, கப் லீக், மழைக்காலத்துல பாக்குமட்டை தட்டுல பூஞ்சை இப்படித்தான் வரும். முழுசா கேளுங்க, போட்டோவும் பாக்ஸ் மேல இருக்கற பேட்ச் நம்பரும் வாங்குங்க, குடோன்ல அதே பேட்ச் மிச்சம் இருந்தா வெளிய போகாம தனியா எடுத்து வைக்க சொல்லுங்க. அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கஸ்டமருக்கு ஏதாவது ஒரு பதில் போயிருக்கணும், "பாத்துட்டு சொல்றோம்" பதில் இல்ல. 2,000 ரூபா வரைக்கும் மாத்தி தர்றதா கிரெடிட் நோட்டான்னு நீங்களே முடிவு பண்ணலாம். நானூறு ரூபா கம்ப்ளைன்ட தீர்க்காம விட்டா அதையே சாக்கா வச்சு நாப்பதாயிரம் பில்ல நிறுத்தி வைப்பாங்க, அதனால போன் பண்ணி பாக்கி கேக்கறதுக்கு முன்னாடி அந்த பார்ட்டி பேர்ல கம்ப்ளைன்ட் ஏதும் ஓபன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க.

தமிழும் கன்னடமும் நல்லா பேசணும், ஹிந்தி சமாளிச்சா போதும். டாலி, எக்செல் தெரிஞ்சிருக்கணும். டிகிரி முக்கியமில்ல, ஹோல்சேல் கடையில ரெண்டு வருஷம் பில்லிங்ல இருந்தவங்கன்னா ரொம்ப நல்லது. சம்பளம் 22,000ல இருந்து 26,000 வரைக்கும், பிஎஃப் உண்டு, வசூல் நல்லா இருக்கற மாசம் இன்சென்டிவ் தனி. காலைல ஒன்பதரைல இருந்து ஆறரை, ஞாயிறு லீவு. ஆயுத பூஜைக்கு முன்னாடி ஒரு வாரம் மட்டும் லேட் ஆகும், ஓவர்டைம் தருவோம். மெஜஸ்டிக்ல இருந்து பச்சை லைன்ல ரெண்டாவது ஸ்டேஷன், அங்கிருந்து நடந்தே வந்துடலாம்.

விருப்பம் இருக்கறவங்க இந்த மெசேஜ் வந்த நம்பருக்கே பயோடேட்டா அனுப்புங்க. கூடவே, பாக்கி வச்சிருக்கற ஒரு பேக்கரிகாரருக்கு நீங்க எப்படி மெசேஜ் போடுவீங்கன்னு நாலு வரி டைப் பண்ணி அனுப்புங்க, நாங்க முதல்ல அததான் படிப்போம்.