எங்கள் வீடு மந்திரிப்புக்கு அன்பான அழைப்பு

அன்புள்ள பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தைமாருக்கும், எங்கள் லயத்துச் சொந்தங்களுக்கும்,

ஜனவரி 25ஆம் திகதி பண்டாரவளையில் எங்கள் திருமணம் இறைவன் அருளால் நல்லபடி நடந்தது. தூரத்தாலும் வேலையாலும் வர முடியாமல் போனவர்கள் பலர். அன்றைக்கு உங்களைத் தேடினோம்.

இப்போது நோர்வூட்டில் எங்கள் புது வீட்டில் குடியேறுகிறோம். வருகிற பெப்ரவரி 9, 2025, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3.30 மணிக்கு வீடு மந்திரிப்பு. குடும்பத்தோடு வந்து எங்களை ஆசீர்வதியுங்கள்.

இந்த வீட்டு வாசலுக்கு லொறி வராது. கல்லையும் மணலையும் சீமெந்து மூட்டைகளையும் றோட்டிலிருந்து தோளில் சுமந்து மேலே ஏற்றியவர்கள் மேல் லயத்துத் தம்பிமார். மலையிலிருந்து இறங்கிய களைப்போடு எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர்கள் அக்காமார். அதனால் ஃபாதரின் செபத்தோடு உங்கள் வாயாலும் இந்த வீட்டுக்கு ஒரு நல்ல வார்த்தை வேண்டும்.

முதலில் கலைச்செல்வியின் அம்மா, அவர்கள் வழக்கப்படி விளக்கேற்றிப் பால் காய்ச்சுவார். பொங்கியதும் எல்லோருக்கும் அந்தப் பால்தான். 4 மணிக்குப் பங்குத்தந்தை, சக்கேயு வீட்டுக்கு இயேசு போன நற்செய்தியை வாசித்து, அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து, சுவரில் சிலுவையை மாட்டுவார். மன்றாட்டு நேரத்தில் யாரும் தங்கள் வார்த்தையில் வேண்டிக்கொள்ளலாம். கோயிலுக்குப் போகிறவர்களும் தயங்காமல் சொல்லுங்கள், அதை நாங்கள் மனதார விரும்புகிறோம். கடைசியில் பெரியவர்கள் எங்கள் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்க வேண்டும்.

அப்புறம் சாப்பாடு. கோழிக்கறியும் உண்டு. சைவச் சமையல் தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில்.

பண்டாரவளை, பதுளைப் பக்கமிருந்து வருபவர்கள் ரயிலில் ஹட்டனில் இறங்குங்கள். அங்கிருந்து பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினால் டிக்கோயா தாண்டி நோர்வூட். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால் பஸ்ஸில் நெரிசலாக இருக்கும், கொஞ்சம் நேரத்தோடு புறப்படுங்கள். நோர்வூட் சந்தியில் அண்ணன் நிற்பார். படி ஏற முடியாத பாட்டி, தாத்தாமாருக்கு அவர் ஓட்டோ பிடித்து வைத்திருப்பார். கடைசித் துண்டு வழிக்குக் கைபிடித்துக் கூட்டி வரத் தம்பிமாரும் இருக்கிறார்கள். இரவு தங்குவதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்காமார் இடம் ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். குளிருக்கு ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும்.

பரிசுப் பொருள், மொய் எதுவும் வேண்டாம். கையில் ஏதாவது கொண்டுவரத்தான் வேண்டும் என்றால், உங்கள் முற்றத்து ரோஜாவிலோ செவ்வந்தியிலோ ஒரு நாற்று கொண்டு வாருங்கள். வாசலில் நடுவதற்கு மண் கொத்தி வைத்திருக்கிறோம்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
அருள்தாஸ் – கலைச்செல்வி
இரு வீட்டுப் பெற்றோரும்
நோர்வூட்