பொருள்: புது மென்பொருள் தொடக்கம் ஆகஸ்ட் 10-க்குத் தள்ளிப்போகிறது

24.06.2026, புதன்

அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் புது மென்பொருள் ஜூலை 6 அன்று தொடங்காது. புதிய தேதி ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை. சங்கத் தலைவரிடமும் செயலாளரிடமும் இன்று காலை பேசிவிட்டேன், இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

காரணம், உறுப்பினர் பெயர்கள். போன வாரம் ஒத்திகையின்போது கவுண்டரில் இருந்த அம்மா, பாஸ்புக்கைப் பார்த்து 'கௌரி' என்று தட்டினார். 'பதிவு இல்லை' என்று வந்தது. உறுப்பினர் எண்ணைப் போட்டால் அதே பெயர் திரையில் நிற்கிறது, பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. உள்ளே எடுத்துப் பார்த்தால் இப்படி இருக்கிறது:

```
தட்டியது:     0B95 0BCC 0BB0 0BBF
பதிவில்:  0B95 0BC6 0BB3 0BB0 0BBF
```

பழைய மென்பொருளின் எழுத்துருவில் ஔகாரக் குறிக்கென்று தனி இடம் கிடையாது. முன்னால் கொம்பு, பின்னால் 'ள' என்றே இத்தனை வருடமும் அடித்திருக்கிறார்கள். யூனிகோடுக்கு மாற்றும்போது அந்த 'ள' உண்மையான 'ள' எழுத்தாகவே வந்துவிட்டது. கௌரி, சௌந்தரம், கௌதமன், மௌனிகா என்று எல்லாப் பெயருக்கும் இதே கதி. ஒகர, ஓகாரக் குறிகள் இரண்டு துண்டாக வந்திருந்ததை NFC சரிசெய்துவிட்டது. இதை அது தொடாது, ஏனென்றால் அதன் கணக்கில் 'ள' ஒரு முழு எழுத்து.

மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்டீர்கள். அப்படிச் செய்தால் வெள்ளையம்மாளும் வெள்ளைச்சாமியும் கெட்டுப்போவார்கள். 'ள'வுக்குப் பிறகு புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அதைத் தொடக் கூடாது, வெறும் 'ள'வாக இருந்தால் மட்டும் மாற்ற வேண்டும். இந்த விதி பெரும்பாலான பதிவுகளைத் தீர்த்துவிடும். ஆனால் சுருக்கி எழுதிய ஊர்ப்பெயர்கள், பேச்சு வழக்கில் எழுதிய தகப்பனார் பெயர்கள் இவற்றையெல்லாம் கிளைப் பேரேட்டோடு ஒப்பிட்டு ஆள்தான் பார்க்க வேண்டும். வாரிசுதாரர் பெயர்களிலும் அப்படியே. தாமதத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது.

உறுப்பினர் எண்ணை வைத்துத் தேடிச் சமாளித்துக்கொண்டு ஜூலையிலேயே தொடங்கலாம் என்ற யோசனையும் வந்தது. நான் அதை ஏற்கவில்லை. பாஸ்புக் இல்லாமல் வந்து, பெயரையும் தகப்பனார் பெயரையும் சொல்லும் வயதானவர்கள் நம் கிளைகளில் நிறைய. பதிவு இல்லை என்று வந்தால் கவுண்டரில் புது உறுப்பினராகச் சேர்த்துவிடுவார்கள். ஒருவருக்கு இரண்டு கணக்கு, ஒன்றில் நகைக்கடன், மற்றொன்றில் சேமிப்பு என்று ஆகிவிட்டால், வட்டி ஏறிய பிறகு அவற்றை ஒன்றாக்குவது பெரும்பாடு. அந்த நகை அவர்கள் வீட்டு நகை. அதில் ஒரு குழப்பமும் வரக் கூடாது.

ஏன் ஆகஸ்ட் 10? ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு, அந்த வாரம் கிளைகளில் நகை மீட்க வருகிற கூட்டம் இருக்கும். ஆகஸ்ட் 8 இரண்டாவது சனி, விடுமுறை. ஏழாம் தேதி வெள்ளி மாலை பழைய மென்பொருளில் கணக்கை முடித்தால், தரவை மாற்றிச் சரிபார்க்க இரண்டு முழு நாள் கிடைக்கிறது. பழைய தேதியில் ஞாயிறு ஒன்றுதான் கையில் இருந்தது.

தரவுக் குழு மாற்று விதியை ஜூலை 3-க்குள் முடிக்க வேண்டும். சோதனைக் குழு தேடலை மட்டும் பார்த்தால் போதாது, பாஸ்புக் அச்சு, தவணை அறிவிப்புக் கடிதம், அகரவரிசைப் பட்டியல் மூன்றையும் பாருங்கள். அகரவரிசையில் 'கௌ' தவறான இடத்தில் நிற்பதை நேற்றுதான் கவனித்தோம். பயிற்சிக் குழு ஜூலை வகுப்புகளை நிறுத்தி வையுங்கள், ஒரு மாதம் முன்பே சொல்லிக்கொடுத்தால் மறந்துவிடும். ஜூலை கடைசி வாரத்தில் வைத்துக்கொள்வோம்.

ஜூலை 25, நான்காவது சனியன்று முழு ஒத்திகை. அதில் ஒரு பெயர்கூடத் தவறாமல் கிடைத்தால்தான் ஆகஸ்ட் 10 உறுதி. முடிவை 27-ஆம் தேதி திங்கட்கிழமை எழுதுகிறேன்.

ஜூலையில் ஏற்கெனவே விடுப்பு வாங்கியவர்கள் தயங்காமல் போய்வாருங்கள். ஆகஸ்ட் 6 முதல் 12 வரை மட்டும் எல்லோரும் இருக்க வேண்டும். அந்த நாட்களில் வீட்டில் விசேஷம் ஏதாவது இருந்தால் இந்த வாரமே சொல்லுங்கள், ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

கிளைகளுக்கான கடிதம் நாளை மதியம் செயலாளர் கையொப்பத்துடன் போகும். அதுவரை கிளைகளிலிருந்து யாராவது தேதி கேட்டால் என்னிடம் அனுப்பிவிடுங்கள். நாளை காலை 10:30-க்குக் கூடிப் பேசுவோம். பேரேடு ஒப்பிடும் வேலைக்கு யார் எந்தக் கிளை என்று அங்கேயே பிரித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாலதி
திட்ட மேலாளர்