கல்குவாரிக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசியது

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் கிழக்குக் காலனியில் குடியிருக்கிறேன். 22 ஆண்டுகளாகக் கொத்து வேலை. கல்லும் ஜல்லியும் இல்லாமல் எனக்குப் பிழைப்பு இல்லை. குவாரியே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அறிக்கையில் ஓர் அளவு தவறாக இருக்கிறது. அதைச் சொல்லவே வந்தேன்.

வரைவு அறிக்கையின் 47-ஆம் பக்கம், அருகிலுள்ள குடியிருப்பு 410 மீட்டரில் இருப்பதாகச் சொல்கிறது. அது மாரியம்மன் கோயில் தெருவரை அளந்த கணக்கு. அதற்கு முன்பே எங்கள் காலனியின் 14 வீடுகள் நிற்கின்றன. 2009-இல் அரசே பட்டா கொடுத்த மனைகள். அறிக்கையின் வரைபடத்தில் அந்த இடம் தரிசு என்று மஞ்சள் பூசப்பட்டிருக்கிறது.

போன மாதம் 11-ஆம் தேதி, கட்டணம் செலுத்தி, அரசு நில அளவரைக் கொண்டே அளந்தோம். குத்தகை எல்லைக் கல்லிலிருந்து முதல் வீட்டுச் சுவர் 260 மீட்டர். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை தரக்கூடாது என்கிறது 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் 36-ஆவது விதி. பழைய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட்டோம் என்று நிறுவனத்தார் சொல்லக்கூடும். 14 வீடுகளின் வரி ரசீதுகள் பஞ்சாயத்து அலுவலகத்திலேயே இருக்கின்றன. நேரில் வந்திருந்தால் நாங்களே தேநீர் கொடுத்துக் காட்டியிருப்போம்.

அடுத்தது வெடி. வடக்கே ஏற்கெனவே ஓடும் குவாரியில் மதியம் சங்கு ஊதினால், என் மனைவி பரணிலிருக்கும் பாத்திரங்களைக் கையால் பிடித்துக்கொள்வார். எங்கள் சுவர் விரிசல்களுக்கு வெடிதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. விரிசலுக்குப் பல காரணம் உண்டு என்பது கொத்தனாருக்குத் தெரியும். அதனால்தான் 14 வீடுகளின் சுவர்களையும் தேதியோடு படமெடுத்து இணைத்திருக்கிறேன். இனி வரும் விரிசல் பழையதா புதியதா என்ற வாதமே எழாது.

லாரிகள் நாளொன்றுக்கு 42 நடை என்கிறது அறிக்கை. போக வர 84. எட்டு மணி நேரத்தில் ஆறு நிமிடத்துக்குள் ஒன்று, தொடக்கப் பள்ளி வாசலை ஒட்டி, மூன்றே முக்கால் மீட்டர் சாலையில். பள்ளி என்ற சொல்லே போக்குவரத்து அத்தியாயத்தில் இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். வருவாய்த்துறை, கனிமத்துறை, நிறுவனம், ஊர்மக்கள் நான்கு தரப்பும் கூடி நின்று மறுபடி அளக்க வேண்டும். அதுவரை இந்த அறிக்கையை மேலே அனுப்பக்கூடாது.

நில அளவரின் வரைபடம், பட்டா நகல்கள், படங்கள் ஆகியவற்றை இரண்டு பிரதிகளாகக் கொடுக்கிறேன். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வேண்டும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதில் 260 மீட்டர் என்று வாசிப்பதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வணக்கம்.