தங்கையின் திருமணத்திற்காக இரண்டு நாள் தற்செயல் விடுப்பு வேண்டுதல்

அனுப்புநர்:
சு. மலர்விழி,
கணித ஆசிரியை (9, 10 வகுப்புகள்).

பெறுநர்:
பள்ளி முதல்வர் அவர்கள்.

நாள்: 18.08.2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் தங்கையின் திருமணம் 29.08.2025, வெள்ளிக்கிழமை நடைபெறவுள்ளது. அதனை முன்னிட்டு 28.08.2025, 29.08.2025 ஆகிய இரு நாட்களுக்குத் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு வேண்டுகிறேன். 01.09.2025, திங்களன்று பணிக்குத் திரும்பிவிடுவேன்.

என் பாடவேளைகளைக் கணித ஆசிரியர் திரு. இராகவன் எடுத்துக்கொள்ள இசைந்துள்ளார். வெள்ளி மூன்றாம் பாடவேளையில் மட்டும் 10-அ வகுப்பும் அவருடைய 8-ஆ வகுப்பும் ஒரே நேரத்தில் வருகின்றன. அன்று 10-அ வகுப்பின் மூன்றாம், ஐந்தாம் பாடவேளைகளை மாற்றிக்கொள்ள அறிவியல் ஆசிரியை சம்மதித்துள்ளார்.

10-ஆம் வகுப்பிற்குத் திருப்புதல் பயிற்சித்தாள் மட்டுமே, விடைக்குறிப்பும் திரு. இராகவனிடம் இருக்கும். 9-ஆம் வகுப்பில் காரணிப்படுத்துதல் பாதியில் நிற்கிறது. x² − 5x + 6 போன்ற கணக்குகளில் இரு காரணிகளிலும் கழித்தல் குறி வர வேண்டும் என்பதில் மாணவர்கள் இன்னும் தடுமாறுவதால், புதிய பகுதியைத் தொடங்காமல் இவ்வகைக் கணக்குகளையே பயிற்சியாகத் தருமாறு அவரிடம் கேட்டுக்கொண்டுள்ளேன். அலகுத் தேர்வு விடைத்தாள்களை 27-ஆம் தேதிக்குள் திருத்தி, மதிப்பெண் பட்டியலை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவேன்.

அவசரத் தேவைக்கு என்னைக் கைபேசியில் அழைக்கலாம். முகூர்த்த நேரமான வெள்ளி காலையில் மட்டும் எடுக்க இயலாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. மலர்விழி

இணைப்பு: திருமண அழைப்பிதழ், இரு ஆசிரியர்களும் கையொப்பமிட்ட மாற்றுப் பாடவேளை அட்டவணை.